உரக்கிடங்குச் சாவி வைத்திருப்போருக்கு

காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் இயக்குநர்கள், செயலாளர்கள், உர விற்பனையாளர்கள் அனைவருக்கும்,

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் கடன் பேரேட்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடங்கைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. அதனால் இந்த மடல் கிடங்கோடு நின்றுகொள்ளும்.

உங்கள் இருப்புப் பதிவேட்டைத் திறந்தால் வரவு, விற்பனை, மீதி, விலை நான்கும் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். சரக்கு எந்தத் தேதியில் வந்தது என்றும் இருக்கும். அது எந்தத் தேதியோடு விற்க முடியாததாகிறது என்பது மட்டும் எங்கும் இருக்காது. தணிக்கைக்கு வருபவரும் மூட்டையை எண்ணி, புட்டியை எண்ணி, ஏட்டோடு ஒத்துப்போனால் ‘இருப்பு சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எண்ணிக்கை சரியாக இருக்கும், சரக்கில் பாதி விற்கத் தகாததாக இருக்கும். இரண்டும் ஒரே நாளில் ஒரே கிடங்கில் உண்மையாக இருக்க முடியும். அந்த ஒரு பத்தியை, அதாவது முடிவுத் தேதிக்கான பத்தியை, ஏட்டில் சேர்க்கச் சொல்வதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உரம், விதை, பூச்சிமருந்து மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடந்தாலும் மூன்றும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. ரசாயன உரத்தில் தொடங்குகிறேன், அதுதான் சுலபம்.

யூரியாவுக்கும் டிஏபிக்கும் பொட்டாஷுக்கும் மருந்துபோலக் காலாவதித் தேதி கிடையாது. அவற்றுக்கு எதிரி ஈரக்காற்றுதான். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 73 விழுக்காட்டைத் தாண்டினால் யூரியா காற்றிலிருந்து நீரை இழுக்க ஆரம்பிக்கும். டிஏபிக்கும் பொட்டாஷுக்கும் அந்த எல்லை 80க்கு மேல். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் காற்று 80ஐத் தாண்டி நிற்பது புதிதல்ல. இரவில் இழுத்த ஈரம் பகலில் காய்கிறபோது குருணைகளுக்கு நடுவே உப்புப் பாலம் கட்டி, மூட்டை கல்லாகிறது. அடி வரிசை மூட்டைகள் மேலே உள்ள பாரத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும்.

கட்டி தட்டிய யூரியாவைக் கெட்டுப்போன யூரியா என்று நினைத்து ஓரங்கட்டும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. நனைந்து ஒழுகாதவரை அதிலுள்ள 46 விழுக்காடு தழைச்சத்து அப்படியே இருக்கிறது. கையால் வீசும்போது சீராக விழாது என்பதுதான் குறை. தட்டி உதிர்த்துக் கொடுத்தால் விவசாயி வாங்கிக்கொள்வார். ஆனால் கிழிந்த மூட்டைகளிலிருந்து சிதறிய யூரியாவையும் டிஏபியையும் சேர்த்துக் கூட்டி அள்ளி ஒரு சாக்கில் போட்டு வைக்கிறீர்களே, அது வேறு கதை. இரண்டு உரம் கலந்தால், தனித்தனியே இருந்தபோது தாங்கிய ஈரத்தைக்கூட அந்தக் கலவை தாங்காது. மற்ற மூட்டைகளுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம்.

சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, தரையில் மரச்சட்டம் போட்டு, ஒரு வரிசைக்கு இத்தனை மூட்டை என்று கணக்காக அடுக்குங்கள். வரிசைக்கு 20, பன்னிரண்டு வரிசை என்றால் பார்த்த மாத்திரத்தில் 240 என்று சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: அடுக்கின் மேலே ஏறி நடுவில் பாருங்கள். வெளிவட்டம் முழுதாக நின்று, உள்ளே பொந்து விழுந்திருப்பதுண்டு.

உரத்தில் தேதியைவிட அவசரமானது கைரேகைக் கருவிதான். 2018 முதல் நாடு முழுவதும், உரம் விவசாயிக்கு விற்றதாகக் கருவியில் பதிவான பிறகுதான் நிறுவனத்துக்கு மானியம் போகிறது. மேலே உட்கார்ந்து ஒதுக்கீடு செய்கிறவர்கள் பார்ப்பதும் கருவியில் உள்ள இருப்பைத்தான். நடவு நேரத்தில் கூட்டம் அதிகம், நெட்வொர்க் இல்லை என்று துண்டுச்சீட்டில் 80 மூட்டையைக் கொடுத்துவிட்டு, சாவகாசமாகப் பதியலாம் என்று விட்டால், உங்கள் கிடங்கு காலியாக இருக்கும்போது கருவி 80 மூட்டை இருப்பதாகச் சொல்லும். ‘உங்களிடம்தான் இருக்கிறதே’ என்பார்கள். ஆகவே கருவி, ஏடு, அடுக்கு மூன்றையும் அன்றன்று மாலையே ஒத்துப் பாருங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் எந்த 80 யாருக்குப் போனது என்று யாருக்கும் நினைவிருக்காது.

இனி விதை. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். காரணம், விதைக்கு ஒன்றல்ல, இரண்டு முடிவுத் தேதிகள்.

முதலாவது அட்டையில் அச்சாகியிருப்பது. சான்று விதை மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதனைத் தேதி, செல்லுபடியாகும் தேதி எல்லாம் இருக்கும். பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம் அந்தச் சான்று செல்லும். மறுபடி மாதிரி எடுத்துப் பரிசோதித்துத் தேறினால் மேலும் 6 மாதம் நீட்டிப்பு உண்டு. நெல்லுக்குக் குறைந்தது 80 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும், ஈரம் 13 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உளுந்துக்கு முளைப்பு 75, ஈரம் 9.

இதில் கவனிக்க வேண்டியது, 9 மாதம் எண்ணத் தொடங்குவது உங்கள் கிடங்குக்கு வந்த நாளிலிருந்து இல்லை என்பது. போன குறுவையில் விளைந்து, கார்த்திகை வாக்கில் பரிசோதனை முடிந்த விதை, வைகாசியில் உங்களிடம் வரும்போது ஆறு மாத ஆயுளைக் கழித்துவிட்டுத்தான் வருகிறது. மிச்சம் மூன்று மாதம். ஆடி ஆவணியோடு அட்டை இறந்துவிடும். விற்காமல் நின்ற மூட்டையை ‘அடுத்த பட்டத்துக்கு ஆகும்’ என்று மூலையில் போட்டால், அது மறுபரிசோதனை இல்லாமல் எந்தப் பட்டத்துக்கும் ஆகாது. வாங்கும்போதே விலையைக் கேட்பதற்கு முன்னால் பரிசோதனைத் தேதியைக் கேளுங்கள்.

இரண்டாவது தேதி எந்த அட்டையிலும் இல்லை. அது ரகத்தின் வயதும் விதைப்புக் காலமும் சேர்ந்து தீர்மானிப்பது. சாவித்திரி என்று நாம் சொல்லும் சிஆர் 1009 ரகத்துக்கு 155 முதல் 160 நாள். அதை ஆவணிக்குள் விட்டால்தான் சரி. புரட்டாசி பிறந்த பிறகு உங்கள் கிடங்கில் 60 மூட்டை சாவித்திரி நின்றால், அட்டையில் இன்னும் நான்கு மாதம் உயிர் இருந்தாலும் வாங்க ஆளிருக்காது. அந்த நேரத்தில் 135 நாள் ரகமும், தாளடிக்காரர்களுக்கு ஆடுதுறை 39 போன்ற 120, 125 நாள் ரகமும்தான் கேட்பார்கள். ஒரு ரகம் 15 நாள் தாமதமாக வந்து சேர்ந்தது என்பதற்காகவே முழுச் சரக்கும் தேங்கியதைப் பல கிடங்குகளில் பார்க்கலாம். விதையில் குறையில்லை, அட்டையில் குறையில்லை, பட்டம் போய்விட்டது. ஆகவே ஏட்டில் விதைக்கு இரண்டு பத்தி வேண்டும்: சான்று முடியும் தேதி ஒன்று, அந்த ரகத்துக்கு விதைப்பு முடியும் தேதி மற்றொன்று. இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவே உண்மையான காலாவதி.

விதையை வைக்கும் இடத்துக்கு வருவோம். விதை நூலில் பழைய விதி ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். திருப்பிப் படித்தால்தான் நமக்குப் பயன். 13 விழுக்காடு ஈரத்தில் வந்த நெல் விதையைச் சாக்கில் வைத்து, யூரியா அடுக்குக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே மழைமாதம் முழுக்கக் கிடத்தினால், அது காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்து 15க்கு மேல் போகும். அட்டை 80 என்று சொல்லிக்கொண்டிருக்கும், உள்ளே 60கூட இருக்காது. தனி அறை இல்லாவிட்டால் ஒரு தடுப்பாவது கட்டி, காற்றோட்டமான பக்கத்தை விதைக்குக் கொடுங்கள்.

சந்தேகம் வந்தால் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரே குவியலின் நாலைந்து மூட்டைகளிலிருந்து கையளவு எடுத்துக் கலந்து, நூறு நூறாக நான்கு முறை எண்ணி, ஈரச் சாக்குத் துணியில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். தினமும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் நிலவரம் தெரிந்துவிடும். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ண வேண்டும், மூக்கு மட்டும் விட்டதைச் சேர்க்கக் கூடாது. நான்கு நூறுக்கும் சராசரி 85க்கு மேல் என்றால் நிம்மதி. 80ஐ ஒட்டி நின்றால் விற்பனையை நிறுத்தி, மாதிரியை விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். முளைக்காத நாற்றங்காலோடு விவசாயி வந்து நிற்பதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரவயலில் தெளிக்கிற உளுந்து விதையைத் தையில்தான் விற்கப் போகிறோம். ஆனால் ஐப்பசியிலேயே வாங்கி இறக்கிவிடும் சங்கங்கள் உண்டு. ஆண்டிலேயே ஈரம் மிகுந்த இரண்டு மாதத்தை அதன் தலையில் கட்டுகிறார்கள். உளுந்தின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. அடுத்து வட்டத் துளை, அதற்கடுத்து மூட்டைக்குக் கீழே மாவு. மார்கழிக் கடைசியில் வந்து தையில் தீர்ந்துபோகிற மாதிரி கொள்முதலைத் தள்ளிவையுங்கள். மருந்து கலந்த விதையைப் பற்றியும் எச்சரிக்கை: விற்காத வெறும் விதை நெல்லை முறைப்படி கழித்து அரிசி ஆலைக்காவது கொடுக்கலாம், மருந்து பூசிய விதையை அதற்குக் கொடுக்கவே கூடாது. முடிந்தவரை விதையை வெறுமையாக வாங்கி, விதைநேர்த்தி மருந்தைத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். உயிர் உரப் பொட்டலங்களுக்கு ஆயுள் இன்னும் குறைவு. தூள் வகைக்கு ஏறக்குறைய 6 மாதம், திரவத்துக்கு ஒரு வருடம். வெயில் படும் சன்னலோரம் அவற்றை அடுக்கினால் அந்த ஆறு மாதமும் கணக்கில் வராது.

பூச்சிமருந்து அலமாரியில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு புட்டியிலும் தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் எல்லாம் இருக்கும். பெரும்பாலான ரசாயன மருந்துக்கு இரண்டு வருடம் என்று போட்டிருப்பார்கள், சூடோமோனாஸ் போன்ற உயிரி மருந்துகளுக்கு அதைவிடக் குறைவு. தேதி கண்ணுக்கு எதிரே இருந்தும் காலாவதியாவது எதனால்? ஒரே மருந்து மூன்று தொகுதியாக வந்திருக்கும். புதிய பெட்டியைப் பிரித்து முன்வரிசையில் வைப்பார்கள், பழையது பின்னுக்குப் போகும். ஏட்டில் அந்த மருந்துக்கு ஒரே பக்கம், ஒரே மீதி. 48 புட்டி இருப்பு என்றால் அதில் 20 புட்டி மாசியோடு முடிகிறது என்று ஏடு சொல்லாது. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி வரி எழுதுங்கள். முதலில் வந்ததை முதலில் விற்கும் வழக்கம் உரத்துக்குப் போதும். மருந்துக்கு, முதலில் முடிவதை முதலில் விற்க வேண்டும். பிந்தி வந்த பெட்டி முந்தி முடிவதும் உண்டு, ஏனென்றால் மொத்த வியாபாரியும் தன் பழைய சரக்கைத்தான் முதலில் தள்ளுவார்.

காலாவதிக்கு இருபது நாள் இருக்கும்போது விற்றுத் தீர்ப்பது கெட்டிக்காரத்தனம் என்று விற்பனையாளர்கள் நினைக்கிறார்கள். விவசாயி அதை அன்றைக்கே அடிக்கப் போவதில்லை. புட்டி அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கும், அடுத்த பூச்சி வரும்போதுதான் திறப்பார். மூன்று மாதம் மிச்சம் இருக்கும்போதே திருப்பி அனுப்பும் பட்டியலில் சேர்ப்பதுதான் முறை. வாங்கும்போதே கொள்முதல் உத்தரவில் ‘பிரிக்காத பெட்டிகளைக் காலாவதிக்கு 90 நாள் முன்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் எல்லாரும் சம்மதிப்பார்கள்.

அப்படியும் காலாவதியானால், பூச்சிக்கொல்லி விதிகள் 1971 அதற்கு வழி சொல்கிறது. அந்தத் தேதி முடிந்தவுடன் சரக்கைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் விற்பனைக்கு அல்ல என்று முத்திரையிட்டு, காலாவதியானவை என்று தெளிவாகப் பலகை வைத்த தனி இடத்தில் வைக்க வேண்டும். ஆய்வாளர் வரும்போது விற்பனை அலமாரியில் காலாவதிப் புட்டி ஒன்று நின்றால், அது விற்பனைக்கு வைத்ததாகத்தான் கொள்ளப்படும். கிடங்குக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைப்பதும் வாய்க்காலில் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். தயாரித்த நிறுவனத்திடம் எழுத்துமூலம் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள்.

புட்டியில் அச்சாகாத காலாவதியும் ஒன்றுண்டு, அது அரசாணையில் வருவது. திம்மட் என்று நம் ஊரில் எல்லாரும் அறிந்த போரேட் குருணையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு போட்ட ஆணைப்படி அதற்கும், டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ் உள்ளிட்ட வேறு சில மருந்துகளுக்கும் 2020 டிசம்பர் 31 கடைசித் தேதி. மூட்டையில் 2021ஆம் ஆண்டு வரை செல்லும் என்று போட்டிருந்தாலும், அந்த நாளுக்குப் பிறகு அது விற்கத்தகாத சரக்கு. இரண்டு வருட அவகாசம் கொடுத்தும் கடைசி மாதம் வரை அதை வாங்கிக் குவித்தவர்கள் இருந்தார்கள். தள்ளுபடி விலைக்கு ஒரு மருந்து வந்தால், அது ஏன் தள்ளுபடியில் வருகிறது என்று வேளாண்மை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மருந்தின் தரத்தில் சந்தேகம் என்றால், எண்ணெய் வடிவ மருந்தைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சில துளி விட்டுப் பாருங்கள். பால்போல் கலந்து அப்படியே நிற்க வேண்டும். அரை மணி நேரத்தில் மேலே எண்ணெயாக மிதந்தாலோ அடியில் படிந்தாலோ, தேதி இருந்தாலும் வெயிலில் வெந்த சரக்கு அது.

இதோடு இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல சங்கங்களில் ரேஷன் கடையும் மருந்து விற்பனையும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. மனிதரோ மாடோ உண்ணும் பொருள் இருக்கும் கட்டடத்தில் பூச்சிக்கொல்லி வைக்கக் கூடாது என்பது மேற்சொன்ன விதிகளிலேயே உள்ளது. விதைக்குப் பக்கத்திலும் வேண்டாம். 2,4-டி போன்ற களைக்கொல்லியின் ஆவி விதையிலும் உரத்திலும் ஏறிக்கொள்ளும்.

இப்போது கொள்முதல். இதுவரை சொன்ன தேக்கமெல்லாம் வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதால், ஒரு கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். உங்கள் சங்கத்தை நம்பிக் குறுவை நடுவது 400 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டா குறுவைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை, எக்டருக்குத் தழை 150, மணி 50, சாம்பல் 50 கிலோ. ஏக்கருக்கு 60, 20, 20. ஒரு மூட்டை டிஏபி போட்டால் மணிச்சத்து 23 கிலோ வந்துவிடும், கூடவே தழை 9 கிலோ. மீதித் தழை 51 கிலோவுக்கு யூரியா 111 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய இரண்டரை. பொட்டாஷ் 33 கிலோ, மூன்றில் இரண்டு மூட்டை. 400 ஏக்கருக்கு டிஏபி 400 மூட்டை, யூரியா 986 மூட்டை, பொட்டாஷ் 267 மூட்டை. இதுவரை எல்லாரும் போடும் கணக்குதான்.

எப்போது வேண்டும் என்று கேட்டால் கதை மாறுகிறது. டிஏபி முழுவதும் அடியுரம். நடவு நடக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் 400 மூட்டையும் வெளியே போக வேண்டும், பிந்தி வரும் டிஏபிக்கு அந்தப் பட்டத்தில் வேலையில்லை. யூரியா அப்படியில்லை. தழைச்சத்தை நான்காகப் பிரித்து அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று ஏக்கருக்கு 15 கிலோவாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அடியுரத்தில் டிஏபியே 9 கிலோ தழையைக் கொடுத்துவிடுவதால் 13 கிலோ யூரியா போதும். அதாவது 400 ஏக்கருக்கு 116 மூட்டைதான். பிறகு வரும் மூன்று மேலுரத்துக்கும் தலா 290 மூட்டை.

ஆனால் நடைமுறையில் சங்கங்கள் செய்வது என்ன? முதல் லாரியிலேயே யூரியாவைக் கேட்டு நிரப்பிவிட்டு, டிஏபிக்கு இடமும் பணமும் இல்லாமல் நிற்பது. நடவு முடிகிற வாரத்தில் டிஏபி வந்து இறங்கும். மூட்டை 1,350 ரூபாய் சரக்கு, சம்பா வரை சங்கத்தின் காசைக் கட்டிப்போட்டுக் கிடக்கும். 266 ரூபாய் 50 காசு யூரியாவோ மேலுரத்துக்குக் காத்திருக்கும்போதே இறுகும். ஆகவே விற்பனை இணையத்துக்கு அனுப்பும் தேவைப்பட்டியலை மொத்த எண்ணிக்கையாக எழுதாமல் வாரவாரியாக எழுதுங்கள்: நடவுக்கு முன் டிஏபி முழுவதும், யூரியா 120 மூட்டை, பொட்டாஷ் ஒரு பங்கு. பிறகு ஒவ்வொரு மேலுரத்துக்கும் ஒரு வாரம் முன்னால் 290. கேட்டபடி வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த வரிசையில் கேட்டிருந்தால், குறைவு வரும்போது எதற்காகச் சண்டை போடுவது என்று தெரியும்.

400 ஏக்கர் என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? போன வருட விற்பனையிலிருந்து எடுக்காதீர்கள். போன வருடம் சரக்கு இல்லாததால் விற்காததும் அதில் குறைவாகத்தான் தெரியும். பயிர்க்கடன் கோப்பில் அடங்கல் இருக்கிறது. யார், எந்தப் புல எண்ணில், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோடு உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. கடனில் ஒரு பங்கை உரமாகக் கொடுப்பதும் நீங்கள்தான். கடன் கேட்டு வரும்போதே ‘என்ன ரகம், எந்த வாரம் நாற்று விடுகிறீர்கள்’ என்று இரண்டு கேள்வி கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டால், விதைத் தேவையும் அதிலேயே வந்துவிடும். அரசு வங்கிகளுக்குக்கூட இல்லாத வசதி இது.

ஆனாலும் நாள் ஆற்றின் கையில். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல். 2024ஐப்போல ஒரு வருடத்தில் 400 ஏக்கருக்கான குறுவை விதை முழுவதையும் மே மாதமே வாங்கி இறக்கியிருந்தால், ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் வாங்கியதுபோக மீதி முழுக்கத் தேங்கும், அட்டையும் ஆவணியில் முடிந்துவிடும். அதனால் விதையை இரண்டு தவணையாக வாங்குங்கள். மோட்டார் தண்ணீரை நம்பி நடுகிறவர்களின் ஏக்கருக்கு மட்டும் முதல் தவணை, அவர்கள் அணையைப் பார்த்து நடுவதில்லை. ஆற்றுப் பாசனத்துக்கான இரண்டாவது தவணைக்கு உத்தரவு மட்டும் எழுதி வைத்து, திறப்புத் தேதி உறுதியான பிறகு சரக்கை எடுங்கள். ஏக்கருக்கு 24 கிலோ போதும் என்பது பரிந்துரை, நம் ஆட்கள் 30 கிலோ மூட்டையாகத்தான் எடுப்பார்கள், மூட்டைக் கணக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தில் முன்கூட்டி வாங்க வேண்டியது களைக்கொல்லி மட்டும்தான். நட்ட ஓரிரு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் போட வேண்டிய பிரிட்டிலாகுளோர் கையிருப்பில் இல்லையென்றால் விவசாயி காத்திருக்க மாட்டார், தனியார் கடைக்குப் போய்விடுவார். பூச்சிக்கும் நோய்க்கும் ஆன மருந்தை யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக எடுங்கள். மார்ச் கடைசியில் நிறுவனங்கள் தங்கள் விற்பனை இலக்குக்காக ‘பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம்’ என்று வரும்போது, அந்தப் பத்தும் போன வருடத் தயாரிப்பா என்று பாருங்கள். யூரியா வேண்டுமென்றால் இந்தத் திரவப் புட்டியையும் நுண்ணூட்டத்தையும் சேர்த்து எடு என்று கட்டாயப்படுத்துவதை அரசு அனுமதிக்கவில்லை. எழுத்தில் மறுத்து, வேளாண்மைத் துறைக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நம் கிடங்குகளில் காலாவதியாகிக் கிடப்பவற்றில் இப்படித் தலையில் கட்டிய சரக்கே கணிசம்.

இயக்குநர்களுக்கு மட்டும் ஒன்று. மார்ச் 31 இருப்பு மதிப்பீட்டில் காலாவதியான மருந்தையும் அட்டை இறந்த விதையையும் வாங்கிய விலைக்கே போட்டுக்கொண்டு வருகிறீர்கள். அதனால் ஐந்தொகையில் சொத்து ஊதிக் காட்டுகிறது, இல்லாத லாபம் வருகிறது. ஒரு வருடம் தள்ளலாம், மூன்று வருடம் தள்ளலாம். பிறகு ஒரு நாள் மொத்தமாகக் கழிக்கும்போது, இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வையாக வரும். அந்தப் பிரிவு விற்பனையாளரோடு நிற்பதில்லை. ஆண்டுதோறும் கழிக்க வேண்டியதைத் தீர்மானம் போட்டுக் கழித்துவிட்டால் தொகை சிறியதாக இருக்கும், காரணமும் ஏட்டில் இருக்கும்.

விற்பனையாளர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும்: ‘ஒரே ஆள், உரமும் நான்தான், நகைக்கடன் சிட்டாவும் நான்தான், இதில் தேதி வேறு எழுதவா?’ நியாயம்தான். ஆகவே வேலையைக் குறைத்தே கேட்கிறேன். யூரியா, டிஏபி, பொட்டாஷுக்குத் தேதிப் பத்தி வேண்டாம். விதைக்கும் மருந்துக்கும் உயிர் உரத்துக்கும் மட்டும் குவியலுக்கு, தொகுதிக்கு ஒரு வரி. சரக்கு இறங்கும் நாளில் எழுதினால் சில நிமிடத்தில் முடியும். மாதத்தின் முதல் வேலைநாளில், அடுத்த மூன்று மாதத்துக்குள் முடியப் போகிற வரிகளை மட்டும் ஒரு தாளில் எடுத்தெழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், ஒரு நகல் செயலாளர் மேசைக்கு. அந்தத் தாளில் உள்ளவற்றை மட்டும் செயலாளரும் ஓர் இயக்குநரும் கையால் எடுத்துப் பார்த்தால் போதும். விற்பனையாளர் மாறுதலாகிப் போகும்போது சாவியோடு இந்தத் தாளையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேருங்கள், இல்லாவிட்டால் முந்தியவர் விட்டுப்போன பழைய புட்டிகளுக்குப் புதிதாக வந்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சித்திரை மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அதற்கு முன்னால் ஒருநாள் கிடங்கைத் திறந்து, இருக்கும் விதை, மருந்து எல்லாவற்றின் தேதியையும் ஒரு தடவை எழுதி எடுத்துவிட்டால், எவ்வளவு திருப்பி அனுப்பலாம், எவ்வளவு மறுபரிசோதனைக்குப் போகலாம், எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். குறுவை விதைக்கான உத்தரவை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் ஒருவர்